ஒரு பெயர், ஓர் எழுத்துக்கூட்டு: எல்லைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழிப் பள்ளியில் பல வருஷம் பாடம் எடுத்தவள் நான். ஓய்வுபெற்ற பிறகும் ஜூன், ஜூலை மாதங்களில் வீட்டுத் திண்ணைக்கு ஆட்கள் வருவது நிற்கவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். அதற்குள் ஆதார், எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ், பாஸ்புக், ரேஷன் கார்டு. “டீச்சர், பேரு சேரலைன்னு சொல்லுது” என்பார்கள். பாதிப் பேருக்கு மேல் பிரச்சினை ஒன்றேதான்: தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார்கள்.

போன வருஷம் வந்த ஒரு பெண்ணின் கதையை வைத்தே சொல்கிறேன். அவளுடைய உண்மைப் பெயரை இங்கே தரவில்லை. தமிழ்ச்செல்வி என்று வைத்துக்கொள்வோம், அப்பா பெயர் பழனிச்சாமி. பத்தாம் வகுப்பு முடித்து ப்ளஸ் ஒன் சேர்ந்திருந்தாள். உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டபோது பெயர் பொருந்தவில்லை என்று திரும்பிவிட்டது. கவரில் இருந்ததை எடுத்துப் பார்த்தால் இப்படி இருந்தது:

```
எஸ்.எஸ்.எல்.சி. : TAMILSELVI P
ஆதார்           : THAMIZH SELVI
பாஸ்புக்        : P TAMIL SELVI
```

அவளுடைய அம்மாவுக்கு மூன்றும் ஒன்றாகத்தான் தெரிந்தது. வாய்விட்டுப் படித்தால் மூன்றும் அவர் மகளின் பெயர்தான். ஆனால் கம்ப்யூட்டர் பெயரைப் படிப்பதில்லை, எழுத்துகளை வரிசையாக ஒப்பிடுகிறது. முதல் எழுத்து T, சரி. இரண்டாவது எழுத்து ஒன்றில் A, இன்னொன்றில் H. அதற்கு அங்கேயே இவர்கள் இரண்டு பேர்.

எத்தனை எழுத்தைத் திருத்தினால் ஒன்று மற்றொன்றாகும் என்று எண்ணிப் பார்ப்பது ஒரு பழைய முறை. இடைவெளியையும் இனிஷியலையும் விட்டுவிட்டு TAMILSELVI என்பதை THAMIZHSELVI ஆக்க வேண்டுமானால், ஓர் H சேர்க்க வேண்டும், L இருந்த இடத்தில் Z போட வேண்டும், அதன் பின்னால் இன்னோர் H சேர்க்க வேண்டும். மூன்று திருத்தம். பத்து எழுத்துப் பெயரில் மூன்று திருத்தம் என்றால் அது சின்ன வித்தியாசம் இல்லை. சில போர்ட்டல்கள் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டையும் புள்ளியையும் கண்டுகொள்ளாது. சில, சொற்கள் முன்பின்னாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும். எழுத்தே மாறினால் விடுவது அரிது. எந்தப் போர்ட்டல் எவ்வளவு விட்டுக்கொடுக்கும் என்று நாம் வெளியே இருந்து அறிய வழியில்லை. அதனால் எதுவும் விட்டுக்கொடுக்காது என்று எண்ணிக்கொண்டு நடப்பதுதான் நல்லது.

எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “தப்புன்னு சொல்லுதே, எந்த எழுத்து தப்புன்னு சொல்லக் கூடாதா?” சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. ஆதார் எண்ணையும் நீங்கள் தட்டிய பெயரையும் சேர்த்து ஒரு போர்ட்டல் சரிபார்க்க அனுப்பினால், ஆதார் பக்கத்திலிருந்து வருவது ஆம் அல்லது இல்லை என்ற பதில் மட்டுமே. உள்ளே இருக்கும் பெயரைக் காட்டாது. காட்டினால், யாருடைய எண்ணையாவது போட்டு அவர் பெயரைத் தெரிந்துகொள்ளலாமே. அதனால் போர்ட்டலுக்கும் தெரியாது, அக்ஷயா மையத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் தெரியாது. அந்தப் பெண்ணிடம் கோபப்பட்டுப் பயனில்லை.

ஓ.டி.பி. கொடுத்து ஆதாரிலிருந்தே விவரத்தை இழுத்துக்கொள்ளும் முறை வேறு. அங்கே பெயரை யாரும் தட்ட வேண்டாம், தானாக வந்து விழும். ஆனால் வந்து விழுவது ஆதாரில் உள்ள எழுத்துக்கூட்டு. அடுத்த கட்டத்தில் அதைப் பள்ளிப் பதிவோடும் வங்கிக் கணக்கோடும் ஒப்பிடும்போது தமிழ்ச்செல்விக்கு நடந்ததுதான் நடக்கும்.

சரி, இந்த மூன்று எழுத்துக்கூட்டும் எங்கிருந்து வந்தன? யாரும் பிழையாக எழுதவில்லை என்பதுதான் இதில் முக்கியம். தமிழ்வழிப் பள்ளியில் அட்மிஷன் போட்ட ஆசிரியர், தமிழ் என்ற சொல்லை ஆங்கிலத்தில் எல்லோரும் எழுதுகிறபடி Tamil என்று எழுதினார். ஆதார் எடுத்தவர் மலையாளி. அவர் காதில் விழுந்தது ‘தமிழ் செல்வி’. மலையாளத்திலும் ழகரம் உண்டு, அதை அவர்கள் ZH என்றுதான் எழுதுவார்கள். தகரத்துக்கு TH. ஆகவே அவர் கேட்டதைக் கேட்டபடி THAMIZH SELVI என்று அடித்தார். வங்கிப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவர் பொள்ளாச்சியில் இருக்கும் மாமா. தமிழ்நாட்டு வழக்கப்படி இனிஷியலை முன்னால் போட்டு, பெயரை இரண்டாகப் பிரித்து எழுதிவிட்டார்.

எல்லையில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் கூடுதல். தமிழில் க, ச, ட, த, ப என்ற ஒவ்வோர் எழுத்துக்கும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். முருகன் என்று எழுதினால் நடுவில் இருக்கும் ககரத்தை நாம் G போல மென்மையாகச் சொல்வோம், அதனால் MURUGAN. மலையாளத்தில் எழுதும்போதும் அங்கே ககரம்தான். ஆனால் அந்த மலையாள எழுத்தைப் பார்த்து ஒருவர் ஆங்கிலத்துக்கு மாற்றினால் MURUKAN ஆகிவிடும். நம் ஊரில் ஒரே வீட்டில் அண்ணனின் சான்றிதழில் அப்பா பெயர் MURUGAN, தம்பியின் சான்றிதழில் MURUKAN என்று பார்த்திருக்கிறேன். சாமி என்று முடியும் பெயர்கள் இன்னும் மோசம். பழனிச்சாமியை நாம் PALANICHAMY, PALANISAMY என்று எழுதுவோம். மலையாளம் பேசுகிறவர் சாமியை ஸ்வாமி என்று எண்ணி PALANISWAMI என்று எழுதுவார்.

தமிழ்ச்செல்வி என்ற ஒரு பெயரில் மட்டும் எத்தனை வழி இருக்கிறது என்று ஒருநாள் அவளையே எண்ணச் சொன்னேன். தகரத்துக்கு T, TH என இரண்டு. ழகரத்துக்கு L, ZH, Z என மூன்று. செகரத்துக்கு SE, CHE என இரண்டு. கடைசி ஈற்றுக்கு I, Y என இரண்டு. சேர்த்து எழுதுவது, பிரித்து எழுதுவது என இரண்டு. பெருக்கினால் 48. இனிஷியலை முன்னால் போடலாம், பின்னால் போடலாம், விரித்து அப்பா பெயராகவும் எழுதலாம். அதையும் பெருக்கினால் 144. எதுவும் பிழையில்லை, ஆனால் அவற்றில் ஒன்றுதான் அவளுடைய பதிவு.

ஊர்ப் பெயரிலும் இது உண்டு. நம் தாலுகா சித்தூர், CHITTUR. ஆந்திராவிலும் ஒரு சித்தூர் இருக்கிறது, அது CHITTOOR. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். முகவரியில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டால் வேறு மாநிலத்தின் ஊராகிவிடும். முகவரியை நிரப்பும்போது பின்கோடைப் போட்டுப் பட்டியலில் வருவதையே தேர்ந்தெடுங்கள், கையால் தட்ட வேண்டாம்.

இனி இனிஷியல். இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். திரும்பி வரும் விண்ணப்பங்களில் எழுத்து மாறியதால் திரும்புவது பாதி என்றால், இனிஷியலால் திரும்புவது மறுபாதி.

தமிழ்நாட்டில் இனிஷியல் பெரும்பாலும் அப்பா பெயரின் முதல் எழுத்து, பெயருக்கு முன்னால் வரும். கேரளத்தில் பெயருக்குப் பின்னால் எழுதுவது வழக்கம். அதோடு வீட்டுப்பேரின் எழுத்தையும் சேர்த்து இரண்டு எழுத்தாக வைப்பவர்களும் நிறைய. நம் குடும்பங்களில் வீட்டுப்பேர் என்று தனியாக ஒன்று இருக்காது. ஆனாலும் முகவரிக்காகச் சொன்ன வீட்டின் பெயரை, எழுதுகிறவர் இனிஷியலாகச் சேர்த்துவிட்ட கார்டுகள் என்னிடம் வந்திருக்கின்றன. TAMILSELVI P என்று ஒன்றிலும் TAMILSELVI K P என்று இன்னொன்றிலும் இருந்தால் அதுவும் பொருந்தாது.

நம் பிள்ளைகள் கோயம்புத்தூர், பொள்ளாச்சி கல்லூரிகளுக்குப் போகும்போது இன்னொரு சிக்கல் வரும். அங்குள்ள பல படிவங்களில் இனிஷியலுக்கென்று தனிக் கட்டம் இருக்கும். பிள்ளை பெயர்க் கட்டத்தில் சான்றிதழில் உள்ளபடி TAMILSELVI P என்று போடுவாள். பக்கத்துக் கட்டம் காலியாக இருக்கிறதே என்று அதிலும் P போடுவாள். அச்சாகி வரும்போது P TAMILSELVI P. இனிஷியலுக்குத் தனிக் கட்டம் இருந்தால் பெயர்க் கட்டத்தில் பெயர் மட்டும்தான் போட வேண்டும். ‘சான்றிதழில் உள்ளபடி’ என்று ஒரே கட்டமாகக் கேட்டால் இனிஷியலோடு, சான்றிதழில் இருக்கும் அதே வரிசையில் போட வேண்டும். அனுப்புவதற்கு முன் முன்னோட்டப் பக்கத்தில் முழுப் பெயர் எப்படிச் சேர்ந்து வருகிறது என்று பாருங்கள். இரண்டு P அங்கேயே தெரிந்துவிடும்.

பான் கார்டுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் இனிஷியல் செல்லாது, விரித்துத்தான் எழுத வேண்டும். அப்போது P என்பது அப்பாவின் முழுப் பெயராகும். எந்த எழுத்துக்கூட்டில்? அப்பாவின் ஆதாரில் உள்ள எழுத்துக்கூட்டில்தான். மகள் தன் ஞாபகத்திலிருந்து PALANISAMY என்று எழுத, அப்பா ஆதாரில் PALANICHAMY என்று இருந்தால், பழைய பிரச்சினை தீர்வதற்குள் புதிய பிரச்சினை ஒன்று முளைத்துவிடும். பானில் குடும்பப்பெயர் என்று கேட்கும் கட்டத்தில் நம்மவர்கள் தடுமாறுவார்கள். குடும்பப்பெயர் இல்லாத நமக்கு அப்பா பெயர்தான் அங்கே போகும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர் என்றால் அந்த ஒரே பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டு மற்றதைக் காலியாக விட வேண்டும்.

என்னிடம் கேட்டால், பத்தாம் வகுப்பு வராத பிள்ளைகளுக்கு இனிஷியலை விரித்தே வைத்துவிடுங்கள் என்பேன். TAMILSELVI PALANICHAMY என்று பள்ளியிலும் ஆதாரிலும் இருந்துவிட்டால் பின்னால் பான், பாஸ்போர்ட் எடுக்கும்போது புதிதாக எதையும் உண்டாக்க வேண்டாம். ஆனால் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இனிஷியலோடு வந்துவிட்டவர்கள் இதைக் கேட்டு ஆதாரில் மட்டும் விரிக்கப் போக வேண்டாம். இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டு, விரித்துத்தான் ஆக வேண்டும் என்று கேட்கும் இடத்தில் மட்டும் விரியுங்கள்.

இப்போது திருத்தும் வேலை. அக்ஷயாவுக்கு ஓடுவதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு தாளை எடுங்கள். ஒவ்வோர் ஆவணத்திலும் உள்ள பெயரை ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாக, ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள். இடைவெளி இருந்தால் ஒரு கட்டத்தைக் காலியாக விடுங்கள். புள்ளி இருந்தால் புள்ளிக்கும் ஒரு கட்டம். வாயால் சொல்லி எழுதாதீர்கள், கண்ணால் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக எழுதுங்கள். தமிழ்ச்செல்வி எழுதியபோது சான்றிதழ்ப் பெயர் 12 கட்டத்தில் முடிந்தது, ஆதார்ப் பெயர் 13 கட்டம் போயிற்று. இரண்டாவது கட்டத்திலேயே A-யும் H-உம் மேலும் கீழுமாக நின்றன. “ஒண்ணுதான் டீச்சர்” என்று சொல்லிக்கொண்டிருந்த அவளுடைய அம்மா அதைப் பார்த்ததும் பேசாமல் இருந்துவிட்டார். அப்பா, அம்மா பெயர்களுக்கும் இதே தாளில் வரிசை போடுங்கள், அவையும் எல்லாப் படிவத்திலும் வரும்.

அடுத்து, எதை மூலமாக வைத்துக்கொள்வது? பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு அந்தச் சான்றிதழ்தான் மூலம். அதில் அழகான எழுத்துக்கூட்டு இருக்கிறது என்பதற்காக இல்லை. அதை மாற்றுவது மற்ற எல்லாவற்றையும் விடக் கடினம். எது அசையாதோ அதை நட்டுவைத்துக்கொண்டு மற்றவற்றை அதன் பக்கம் நகர்த்த வேண்டும். பள்ளிக்கூடமே போகாத பெரியவர்களுக்கு ஆதார்தான் மூலம், வங்கியையும் நிலப் பதிவையும் அதன்படி ஒழுங்குபடுத்தலாம். இன்னும் பத்தாம் வகுப்புக்கு வராத பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ்.

தமிழ்ச்செல்விக்கு இதில் ஒரு வருத்தம் இருந்தது. ஆதாரில் இருந்த ZH அவளுக்குப் பிடித்திருந்தது. தமிழ் என்ற சொல்லில் ழகரம் தெரிய வேண்டாமா என்று கேட்டாள். எனக்கும் அந்த எழுத்து பிடிக்கும்தான். ஆனால் ஆங்கில எழுத்தில் எப்படி எழுதினாலும் அது அவள் பெயரின் நிழல்தான், பெயர் இல்லை. தமிழில் கையெழுத்துப் போடும்போது ழகரம் முழுசாக அங்கே இருக்கும். படிவத்துக்கு L போதும் என்று சொன்னேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

திருத்துவதில் வரிசை முக்கியம். முதலில் ஆதார். வங்கி, உதவித்தொகை, பி.எஃப். என்று மற்ற எல்லாம் கடைசியில் ஆதாரோடுதான் ஒப்பிடுகின்றன. வங்கியை முதலில் மாற்றிவிட்டு ஆதாரைப் பிறகு மாற்றினால் வங்கிக்கு இரண்டு முறை நடக்க வேண்டி வரும். ஆதாரில் பெயரைப் பொதுவாக வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதை நினைவில் வையுங்கள். ‘இப்போதைக்கு ஒரு H-ஐ எடுத்துப் பார்ப்போம்’ என்று ஒரு முறையை வீணாக்கிவிட்டால் மிச்சம் ஒன்றுதான். பெண்பிள்ளைகளுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு மாற்றம் தேவைப்படலாம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அதனால்தான் கணக்கு நோட்டுத் தாளை முடித்துவிட்டுப் போகச் சொல்கிறேன்.

ஆதார் மையத்தில் நீங்கள் கேட்கும் பெயர், நீங்கள் காட்டும் ஆவணத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். தமிழ்ச்செல்வி தன் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழின் அசலைக் கொண்டுபோனாள். அங்கே பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் எழுதுகிறவரின் காதுக்கு வேலை வந்துவிடும். “சேச்சி, இதைப் பார்த்து அடிச்சாப் போதும்” என்று சான்றிதழையும் தாளையும் முன்னால் வைத்தாள். அடிக்கும்போது விண்ணப்பிக்கிறவர் பார்ப்பதற்கென்று ஒரு திரை நம்மை நோக்கி வைத்திருப்பார்கள், அதைப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் அடித்ததும் மலையாளப் பெயர் தானாக மாறி வரும். TAMILSELVI என்று அடித்தால் மலையாளத்தில் ழகரத்துக்குப் பதில் லகரம் வந்து விழலாம். அதைத் தனியாகத் திருத்தச் சொல்லலாம். அப்படித் திருத்தும்போது ஆங்கில வரி மாறாமல் இருக்கிறதா என்று மறுபடி ஒருமுறை பாருங்கள்.

முடிந்ததும் ஒப்புகைச் சீட்டு தருவார்கள். கையெழுத்துப் போடும் முன் அதில் உள்ள பெயரைக் கணக்கு நோட்டுத் தாளோடு கட்டம் கட்டமாக ஒப்பிடுங்கள். பிழையைப் பிடிக்க இதுதான் கடைசி இடம். அங்கே தப்பினால் அந்தப் பிழையும் ஒரு முறையாகக் கணக்கில் போய்விடும். எனக்கே இது நடந்திருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் ஒரு மையத்தில் என் கணவரின் பெயரைத் திருத்தப் போனோம். கூட்டமாக இருந்தது, சீட்டைப் பார்க்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பெயரின் நடுவில் ஓர் இடைவெளி. ஒரேயொரு இடைவெளிதான், ஆனால் பான் இணைப்பு அதிலேயே நின்றது.

ஆதாரில் மாறிவிட்டது என்று செய்தி வந்த பிறகு புதிய மின் ஆதாரை இறக்கி, அதில் பார்த்துவிட்டுத்தான் வங்கிக்குப் போக வேண்டும். வங்கியில் கே.ஒய்.சி. படிவத்தோடு புதிய ஆதாரைக் கொடுத்துப் பெயரை மாற்றச் சொல்லுங்கள். அரசு உதவித்தொகை வரும் கணக்கு என்றால், ஆதாரோடு கணக்கை இணைப்பது வேறு, பெயர் ஒத்திருப்பது வேறு. இரண்டும் முடிந்ததா என்று தனித்தனியாகக் கேளுங்கள். தமிழ்ச்செல்விக்கு இணைப்பு முன்பே இருந்தது, பெயர்தான் P TAMIL SELVI என்று நின்றுகொண்டிருந்தது. அது TAMILSELVI P ஆன பிறகு விண்ணப்பத்தைத் திரும்பப் போட்டாள். இந்த முறை திரும்பி வரவில்லை.

எல்லாவற்றையும் இப்படித் திருத்திவிட முடியாது. வேறொரு பெயரெழுத்தில் வாங்கிய பழைய சான்றிதழ், தாத்தா காலத்து நிலப் பத்திரம், மூடிப்போன கம்பெனி கொடுத்த சர்வீஸ் சான்று, இவற்றை யாரும் திரும்ப அச்சடித்துத் தரமாட்டார்கள். அதற்காகக் கேரளத்தில் வில்லேஜ் ஆபீசிலிருந்து ‘வன் அண்ட் சேம்’ சான்றிதழ் வாங்கலாம். இந்த இரண்டு பெயருக்கும் உரியவர் ஒரே ஆள் என்று அது சொல்லும். அக்ஷயா மூலமாக இ-டிஸ்ட்ரிக்ட் போர்ட்டலில் விண்ணப்பிக்கலாம். ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். ஒரு மனிதர் படித்துப் பார்த்து முடிவெடுக்கும் இடத்தில்தான் அந்தத் தாள் பேசும். போர்ட்டலில் எழுத்தை ஒப்பிடும் கணக்குக்கு அந்தத் தாள் இருப்பதே தெரியாது. அதை வாங்கி வைத்துக்கொண்டு ஆதாரைத் திருத்தாமல் விட்டவர்கள் அடுத்த வருஷமும் என் திண்ணைக்கு வந்தார்கள்.

பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டார் ஒன்றைத் தவறவிடக் கூடாது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்னால் சான்றிதழில் ஏற வேண்டிய விவரங்களைப் பள்ளியில் ‘ஏ லிஸ்ட்’ என்று எடுத்துச் சரிபார்ப்பார்கள். அந்தத் தாள் வரும்போது பிள்ளையிடம் “எல்லாம் சரியா?” என்று கேட்டு விட்டுவிடாதீர்கள். பள்ளிக்குப் போய், பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் வேலையில் இருந்த வருஷங்களில் அந்த ஒரு வாரத்துக்குள் மாற்றிய எழுத்துகளுக்கு வகுப்பாசிரியரிடம் ஒரு விண்ணப்பக் கடிதம் போதுமாக இருந்தது. சான்றிதழ் அச்சான பிறகு அதே எழுத்துக்கு மாதக்கணக்கில் நடக்க வேண்டும்.

தமிழ்ச்செல்வியின் அக்காவுக்கு இந்தத் தை மாதம் குழந்தை பிறந்தது. பஞ்சாயத்தில் பிறப்பைப் பதிந்தாகிவிட்டது, பெயர்க் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறார்கள். பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம், பிறகு 15 வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழைத்தான் கேட்பார்கள், அதனால் அங்கே விழும் எழுத்துதான் இந்தப் பிள்ளையோடு கடைசி வரை போகும். தாத்தா இளவேனில் என்று வைக்க ஆசைப்படுகிறார். அக்கா கணக்கு நோட்டுத் தாளில் ELAVENIL, ILAVENIL என்று இரண்டையும் கட்டம் போட்டு எழுதி, கீழே மாப்பிள்ளையின் ஆதாரில் உள்ள பெயரையும் எழுதிக் கொண்டுவந்து காட்டினாள். ஐகாரமும் ழகரமும் இல்லாத பெயராகப் பார்த்தோம் டீச்சர், ஆனாலும் முதல் எழுத்திலேயே இரண்டு வழி வந்துவிட்டதே என்றாள். இகரத்துக்கு I போடு என்று சொல்லியிருக்கிறேன். மலையாளத்தில் எழுதி யாராவது திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தாலும் அந்த இடத்தில் I-தான் வரும்.